இடையில் ஒரு நிரை சேர்த்தால் மீதி ஏன் பிழையாகிறது?

திருகோணமலையில் ஒரு மீன் வாடியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எக்செலில் C நிரலில் வரவு, D-இல் செலவு, E-இல் மீதி. ஐந்தாம் நிரையின் மீதி வழக்கமாக இப்படித்தான் இருக்கும்:

```
=E4+C5-D5
```

நாலாம் நிரையில் டீசல் செலவு போக மீதி 74,000 ரூபா. அடுத்து கூலி 15,000, மீதி 59,000. இடையில் ஐசுக்குக் கொடுத்த 6,500 விடுபட்டது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. நிரை 5-ஐப் புதிதாகச் செருகி, மேலிருந்த சூத்திரத்தையும் இறக்குகிறோம். அங்கே 67,500 என்று சரியாகவே வருகிறது. ஆனால் ஆறாம் நிரைக்குத் தள்ளப்பட்ட கூலியின் மீதி இன்னும் 59,000-தான், வரவேண்டியது 52,500. அதன் சூத்திரம் இப்போது `=E4+C6-D6`. தான் கீழே இறங்கியும் E4-ஐ விடவில்லை, புதிய நிரையைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குக் கீழே எல்லா மீதியும் 6,500 கூடுதலாக நிற்கும், எந்த எச்சரிக்கைச் செய்தியும் வராது. பல நேரம் அந்தக் கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். அதை யார் பார்க்கிறார்கள்!

ஆகவே புதிய நிரைக்கு மட்டும் சூத்திரம் போடுவதுதான் முதல் தவறு. E4-ஐப் பிடித்து E6 வரை இழுக்க வேண்டும்.

நிரையை அழித்தால் கூச்சல் பெரிது: கீழே முழுக்க `#REF!`. உண்மையில் இது நல்லது, பிழை கண்ணில் படுகிறதே. உடனே பார்த்தால் Ctrl+Z போதும். பயத்தில் அந்த இடத்தில் மீதியைக் கையால் தட்டிவிடுவதுதான் கேடு. அப்புறம் மேலே எதைத் திருத்தினாலும் அந்த எண் அசையாது. மேல் நிரையின் சூத்திரத்தை முதல் `#REF!` மேல் இறக்கினால் மற்றவை தானாகச் சரியாகும்.

அடிக்கடி சேர்த்து அழிப்பவர்கள் சூத்திரத்தையே மாற்றிவிடலாம். ஆரம்ப மீதியை C2-இல் வரவாகப் போட்டு, E2-இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=SUM(C$2:C2)-SUM(D$2:D2)
```

இது மேல் மீதியை நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து கூட்டுகிறது. புதிய நிரையில் சூத்திரம் போட மறந்தாலும் கீழுள்ள மீதி பிழையாகாது. ஆனால் தலைப்புக்கும் ஆரம்ப மீதிக்கும் நடுவில் மட்டும் நிரை செருகாதீர்கள்: `C$2` அப்போது `C$3` ஆகிவிடும், புதிய தொகை கணக்கில் வராது. பல்லாயிரம் நிரைகள் சேர்ந்தால் கோப்பு மந்தமாகவும் கூடும்; மாதத்துக்கு ஒரு தாள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பழைய சூத்திரத்தோடே இருப்பவர்கள் ஒரு காலிக் கட்டத்தில் ஆரம்ப மீதியும் சேர்ந்த மொத்த வரவிலிருந்து மொத்தச் செலவைக் கழித்து, கடைசி மீதியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 6,500 என்று வந்தால், அந்தத் தொகை உள்ள நிரைக்கு அடுத்த நிரையை முதலில் திறந்து பாருங்கள்.