ஸ்கூல் ஃபீஸுக்குக் கடன்: கையெழுத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

போன வருஷம் மே மாதம் பையனின் ஐந்தாம் வகுப்புக் கட்டண பில் வந்தது. 84,000 ரூபாய். கையில் 18,000தான் இருந்தது. ஆபீஸ் ரூமில் கேட்டதும் கணக்காளர் ஒரு ஆப்பைக் காட்டினார். “மீதியை அவங்க இன்னிக்கே ஸ்கூலுக்குக் கட்டிடுவாங்க சார். நீங்க மாசா மாசம் தவணை கட்டினா போதும். வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான்” என்றார். கிட்டத்தட்ட ஓகே அழுத்திவிட்டேன். வீட்டில் “ஒரு நாள் பொறுங்க” என்றதால் தப்பித்தேன். அந்த ஒரு நாளில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பில்லைப் பிரியுங்கள்

மொத்தத் தொகையைப் பார்த்துக் கடன் தேடாதீர்கள். வரி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் பில் இப்படி இருந்தது: பள்ளிக் கட்டணம் 54,000, வேன் 14,000, புத்தகம் சீருடை 10,000, ‘திறன் வளர்ச்சி’ 6,000. கடைசியில் இருந்தது கட்டாயமா என்று கேட்டேன். விருப்பம் இருந்தால்தான் என்றார்கள். எடுத்துவிட்டேன். மீதி 78,000.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கான உத்தரவில் அந்த வகுப்புக்கு உள்ள தொகையும் பில்லில் உள்ள பள்ளிக் கட்டணமும் ஒன்றா என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் புகார் நிற்காது.

படி 2: ஆப்பின் உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள்

நான் வழுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆப் சொன்னது: 60,000 கடன், 12 மாதம், 12 சதவீதம், தவணை 5,600. வட்டி 7,200. பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் இது ஃபிளாட் வட்டி. ஆறாவது மாதம் அசலில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்போம். அப்போதும் முழு 60,000க்கும் வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். இதற்கு மேல் ப்ராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதாவது 1,200. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 216. நமக்காகப் போகும் பணம் உண்மையில் 58,584தான்.

இஎம்ஐ கால்குலேட்டர் ஆப்கள் இதற்கு உதவாது. பெரும்பாலும் வட்டி விகிதத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். நமக்குத் தெரிய வேண்டியதே அதுதான். கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு கட்டத்தில் இதை டைப் செய்யுங்கள்:

```
=RATE(12,-5600,58584)*12
```

முதலில் மாதங்கள், அடுத்து தவணை, கடைசியில் கையில் வரும் தொகை. தவணைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டு `#NUM!` என்று வந்ததைப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கையை விட்டுப் போகும் பணம் என்பதால் அது கழித்தலில் இருக்க வேண்டும்.

விடை 0.261. அதாவது வருஷத்துக்கு 26 சதவீதம். எங்கள் ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றாலே முகம் சுளிப்பார்கள். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் என்பது வருஷத்துக்கு 24தான். ஆப்பில் 12 என்று எழுதியிருந்தது அதையும் தாண்டிவிட்டது.

கணக்குப் போட வராதவர்கள் Key Facts Statement என்ற தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் இதைத் தந்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் APR என்ற வரிதான் முக்கியம். கட்டணங்களையும் சேர்த்த வருஷ வட்டி அது. தாளைத் தந்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் உண்டு. “இன்னிக்கே போடணும்” என்று அவசரப்படுத்தினால் அங்கே போடாதீர்கள்.

படி 3: தாளாளரிடம் தவணை கேளுங்கள்

வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். நான் ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோனேன். ஜூன் 10, செப்டம்பர் 10, டிசம்பர் 10 என்று தேதியும், ஒவ்வொன்றுக்கும் 18,000 என்று தொகையும் எழுதியிருந்தேன். தாளாளர் படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். வேனுக்கு மாதம் 1,400 கட்டலாம் என்றார்கள். வட்டி எதுவும் இல்லை. இந்த ஒரு கடிதத்தால்தான் கடன் தொகை குறைந்தது.

படி 4: விழும் துண்டுக்கு மட்டும் கடன்

தவணைக்கு ஒதுக்கத் தயாராக இருந்த அதே 5,600ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். ஜூனில் 18,000, புத்தகம் 10,000, வேன் 1,400. கையிருப்பு போக 11,400 துண்டு விழுந்தது. வேன் போக மாதம் 4,200 மிஞ்சும். மூன்று மாதத்துக்கு 12,600. எனவே செப்டம்பரிலும் டிசம்பரிலும் தலா 5,400 குறையும். ஆக மொத்தம் 22,200. அறுபதாயிரம் தேவையே இல்லை!

வங்கியில் ஒரு செயினை வைத்து 23,000 வாங்கினேன், வட்டி 9.5 சதவீதம். மூன்று முறை தனித்தனியாக அடகு வைத்தால் மதிப்பீட்டாளர் கட்டணம் மூன்று முறை போகும் என்பதால் ஒரே தடவையாக எடுத்தேன். ஜனவரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி மே மாதம் மீட்டாயிற்று. வட்டி ஏறக்குறைய 1,650. ஆப்பில் போயிருந்தால் வட்டியும் கட்டணமும் சேர்ந்து 8,616.

நகைக் கடனில் ஒரு எச்சரிக்கை: கெடு தேதியை அடகுச் சீட்டில் பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள். கெடு தாண்டினால் ஏலம் வரை போகும். நகை இல்லாதவர்கள் முதலில் சுயஉதவிக் குழு உள்கடனைக் கேளுங்கள். பிபிஎஃப் கணக்கு இருந்தால் மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை அதன் மேல் கடன் கிடைக்கும்; 36 மாதத்துக்குள் கட்டினால் பிபிஎஃப் வட்டிக்கு மேல் 1 சதவீதம்தான்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டே என்று சிலர் சொல்வார்கள். அது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு மட்டும். ஸ்கூல் ஃபீஸ் கடனுக்குக் கிடையாது.

பின்சேர்க்கை 1: “எங்க ஸ்கூல்ல வட்டியே இல்லாத தவணை, அது ஓகேவா?” என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். 54,000ஐ 10 மாதம் 5,400 வீதம் கட்ட வேண்டும், ப்ராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,180. ஆனால் ஒரே தடவையில் கட்டினால் அதே பள்ளி 5 சதவீதம், அதாவது 2,700, குறைக்கிறது. தவணையில் போனால் அந்தத் தள்ளுபடி போய்விடும். அப்படியானால் அவருக்குக் கிடைத்த கடன் உண்மையில் 50,120தான்.

```
=RATE(10,-5400,50120)*12
```

சுமார் 16.5 சதவீதம் வருகிறது. வங்கி நகைக் கடன் வாங்கி முழுசாகக் கட்டித் தள்ளுபடியை வாங்கிக்கொள்வதே அவருக்கு மலிவு.

பின்சேர்க்கை 2: நடு வருஷத்தில் பள்ளி மாற்றிய ஒருவர், பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் தவணை போய்க்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. பள்ளியை விட்டால் அது தானாக நிற்காது. பாக்கிக் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பள்ளிக்கு எழுதுங்கள், அதுவரை தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பவுன்ஸ் கட்டணமும் விழும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். கடன் முடிந்ததும் முடிவுச் சான்று வாங்கி, தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நீங்கள் கொடுத்திருந்த NACH அனுமதியையும் உங்கள் வங்கியில் ரத்து செய்யுங்கள்.

கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தால், மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். பாக்கி வசூலிக்கும் கருவியாக அந்தச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருந்தது.