திப, திபா: விவிலிய மேற்கோள் குறுக்கங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெந்தக்கோஸ்து நாளில் பேதுரு ஆற்றிய உரை திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் 25 முதல் 28 வரையுள்ள வசனங்கள் தாவீதின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தவை. அந்தப் பாடல் எது என்பதை "திபா 16:8-11" என்று குறிப்பார்கள். திபா என்றால் திருப்பாடல்கள். இதில் ஒரேயொரு கால் விடுபட்டு "திப 16:8-11" என்று அச்சாகிவிட்டால் அது திருத்தூதர் பணிகள் ஆகிவிடும். தேடிப்போகிற வாசகர், பவுல் துரோவாவுக்கு வந்ததையும், மாசிதோனியர் ஒருவரை இரவில் காட்சியில் கண்டதையும், அங்கிருந்து கப்பலேறியதையும் படிப்பார். பேதுருவின் உரைக்கும் அந்தப் பகுதிக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அப்படி ஓர் அதிகாரம் இருக்கிறது, அந்த வசன எண்களும் இருக்கின்றன. அதனால் பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

தமிழ் விவிலியக் குறுக்கங்களில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். வேறுபாடு ஓர் எழுத்திலோ ஒரு கொம்பிலோ இருக்கும். தவறாகப் படித்தாலும் ஏதோ ஓர் இடம் கிடைத்துவிடும். எனவே குறுக்கத்தைப் பார்த்ததும் நூலைத் திறப்பதைவிட, அந்த எண் அந்த நூலில் பொருந்துமா என்று முதலில் பார்ப்பது நல்லது. திருத்தூதர் பணிகளில் 28 அதிகாரங்கள்தான், திருப்பாடல்கள் 150. "திப 91" என்று கண்டால் கால் விழுந்துவிட்டது என்பது உறுதி. 28க்குள் இருந்தால் எண் உதவாது. அங்கே மேற்கோள் எந்தக் கருத்துக்காகத் தரப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொரு குழப்பம் எழுத்துப் பிழையே இல்லாமல் வருவது. தமிழில் நூற்பெயர்கள் இரண்டு மரபுகளில் வழங்குகின்றன. சீர்திருத்தச் சபைகளில் படிக்கப்படும் பரிசுத்த வேதாகமத்தில் ஆதியாகமம், யாத்திராகமம், சங்கீதம், அப்போஸ்தலருடைய நடபடிகள், வெளிப்படுத்தின விசேஷம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இவையே தொடக்க நூல், விடுதலைப் பயணம், திருப்பாடல்கள், திருத்தூதர் பணிகள், திருவெளிப்பாடு. குறுக்கங்களும் அதற்கேற்ப மாறும்: ஆதி. என்பது தொநூ ஆகும், யாத். என்பது விப ஆகும், சங். என்பது திபா ஆகும், வெளி. என்பது திவெ ஆகும். இவை முற்றிலும் வேறாக இருப்பதால் பெரிய ஆபத்து இல்லை. தெரியவில்லையென்றால் முகப்பிலுள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மரபின் குறுக்கம் மற்ற மரபின் வேறொரு நூலைப் போலத் தோன்றும் இடங்களில்தான் தவறு நடக்கிறது. முதலாவது "அப". திருவிவிலியத்தில் இது அபக்கூக்கு. வேதாகமத்தைப் படித்துப் பழகியவருக்கோ "அப்." என்றால் அப்போஸ்தலருடைய நடபடிகள், அபக்கூக்கை அவர் ஆபகூக் என்றுதான் அறிவார். இப்போது "அப 2:4" என்ற மேற்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அபக்கூக்கில் அது, நேர்மையுடையவர் நம்பிக்கையால் வாழ்வடைவர் என்ற வசனம். உரோமையர் 1:17இல் பவுல் எடுத்தாளுவது இதைத்தான். அப்போஸ்தலர் 2:4ஆகப் படித்தால் எல்லாரும் தூய ஆவியால் நிரப்பப்பட்ட நிகழ்ச்சி வரும். இரண்டுமே பலருக்கு மனப்பாடமான இடங்கள் என்பதால் மேற்கோள் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். இங்கே இரண்டு அடையாளங்கள் உதவும். புள்ளி வைத்த "ப்" வந்தால் அது அப்போஸ்தலர். அபக்கூக்கில் மூன்றே அதிகாரங்கள். அதிகார எண் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் அபக்கூக்காக இருக்க வழியில்லை.

இரண்டாவது "நீத". வேதாகம மரபில் நீதிமொழிகளை "நீதி." என்று குறிப்பார்கள், நியாயாதிபதிகள் "நியா.". திருவிவிலியத்தில் நீதிமொழிகள் "நீமொ". நியாயாதிபதிகளுக்கு அங்கே நீதித் தலைவர்கள் என்று பெயர், குறுக்கம் "நீத". ஆக, "நீத 3:5" என்று பார்த்ததும் கை தானாக நீதிமொழிகளுக்குப் போகும். முழு மனத்தோடு ஆண்டவரில் நம்பிக்கை வை என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறது. நீதித் தலைவர்கள் 3:5 சொல்வதோ, இஸ்ரயேலர் கானானியர், இத்தியர் முதலிய இனத்தாரிடையே குடியிருந்தனர் என்பது. நீதித் தலைவர்களில் 21 அதிகாரங்கள், நீதிமொழிகளில் 31. எனவே அதிகார எண் 21ஐத் தாண்டினால்தான் எண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியும். அதற்குள் என்றால், அந்தக் கட்டுரை எந்த மரபின் குறுக்கங்களைப் பின்பற்றுகிறது என்று அக்கம்பக்கத்து மேற்கோள்களில் பாருங்கள். அதே பக்கத்தில் தொநூ, திபா வந்திருந்தால் நீத நீதித் தலைவர்களே. ஆதி., சங். வந்திருந்தால், அது பெரும்பாலும் இகர விசிறி விழுந்த "நீதி."

ஒரே மரபுக்குள்ளும் உயிர்க்குறி மட்டும் மாறும் இணைகள் உண்டு. எசா எசாயா, எசே எசேக்கியேல். புதிய இதயத்தைத் தருவேன் என்ற வாக்குறுதி எசே 36:26. இதை எசா 36:26 என்று எழுதிவிட்டால் உடனே பிடிபடும், ஏனென்றால் எசாயா 36ஆம் அதிகாரம் 22 வசனங்களோடு முடிந்துவிடுகிறது. அதிகார எண் பொருந்தினாலும் வசன எண் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எபே, எபி இணையில் அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை. எபே எபேசியர், ஆறு அதிகாரங்கள். எபி எபிரேயர், பதின்மூன்று. எபி 4:12 கடவுளுடைய வார்த்தை உயிருள்ளது, இருபக்கமும் கூர்மையான வாளினும் கூர்மையானது என்கிறது. எபே 4:12 திருப்பணிக்காக மக்களை ஆயத்தம் செய்வதைப் பற்றியது. அதிகாரம் ஏழு முதல் என்றால் எபிரேயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆறு வரை பொருளைப் பார்த்தே ஆக வேண்டும். சிறிய எழுத்தில் அச்சான அடிக்குறிப்பில் பே, பி இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

பிலி, பில இணை எளிது. பிலி பிலிப்பியர், நான்கு அதிகாரங்கள். பில பிலமோன், ஒரே அதிகாரம். "பில 4:13" என்று இருந்தால் அது பிலி 4:13தான்.

ஒரே அதிகாரம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒபதியா, பிலமோன், 2 யோவான், 3 யோவான், யூதா ஆகிய ஐந்து நூல்களில் அதிகாரப் பிரிவு இல்லை. அவற்றில் தனியாக நிற்கும் எண் வசனத்தைக் குறிக்கிறது. "மத் 5-7" என்றால் மத்தேயுவின் மூன்று அதிகாரங்கள், அதாவது மலைப்பொழிவு முழுவதும். "யூதா 5-7" என்றால் மூன்றே வசனங்கள். யூதாவின் ஐந்தாம் அதிகாரத்தைத் தேடிக் களைத்தவர்கள் பலர். யூதா என்பதை யூதி என்பதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. யூதி யூதித்து நூல். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உண்டு, வேதாகமத்தில் இல்லை. சாஞா (சாலமோனின் ஞானம்), சீஞா (சீராக்கின் ஞானம்) ஆகியவையும் அப்படியே. வேதாகமத்தை மட்டும் வைத்திருப்பவர் இவற்றைத் தேடிக் காணாமல், மேற்கோளே தவறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

குறுக்கத்துக்கு முன்னால் வரும் எண்ணையும் விட்டுவிடக் கூடாது. "யோவா 4:8" நற்செய்தி. "1 யோவா 4:8" முதல் திருமுகம். திருமுகத்தின் வசனம் கடவுள் அன்பாய் இருக்கிறார் என்கிறது. நற்செய்தியின் வசனமோ, சீடர்கள் உணவு வாங்க நகருக்குள் சென்றிருந்தார்கள் என்கிறது. இந்த 1 எங்கே தொலைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வரியின் கடைசியில்தான். 1 மேல்வரியில் நின்றுவிட, அடுத்த வரி "யோவா 4:8" என்று தொடங்கும். அரைப்புள்ளி இடவேண்டிய இடத்தில் காற்புள்ளி இட்டாலும் இதே நிலைதான். "மத் 5:44, 1 யோவா 4:8" என்பதை, மத்தேயு 5:44உம் முதலாம் வசனமும், பிறகு யோவான் நற்செய்தியும் என்று படிக்க இடமுண்டு. "மத் 5:44; 1 யோவா 4:8" என்றால் ஐயமே எழாது. காற்புள்ளி அதே அதிகாரத்தின் வேறு வசனத்துக்கு, அரைப்புள்ளி வேறு அதிகாரத்துக்கோ வேறு நூலுக்கோ. அரைப்புள்ளிக்குப் பிறகு நூற்பெயர் இல்லாமல் எண் மட்டும் வந்தால் முன்சொன்ன நூலே தொடர்கிறது: "மத் 5:3-12; 6:9-13" இரண்டும் மத்தேயுவே.

நூற்பெயர்போலத் தோன்றும், ஆனால் நூற்பெயர் அல்லாத சொற்களும் சில உண்டு. விளக்கவுரைகளில் "ஒப்." என்று வந்தால் ஒப்பிடுக என்று பொருள். ஒபதியாவுக்குப் புள்ளியில்லாத "ப". "எண் 6:24" எண்ணிக்கை நூலின் ஆசி மொழி. "வசன எண் 6" என்பதில் எண் வெறும் எண்தான்.

கணினியில் தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒருங்குறியில் "திபா" என்பது "திப" என்ற எழுத்துகளோடு ஒரு கால் சேர்ந்ததுதான். "பிலி" அதேபோல "பில" என்பதோடு ஒரு விசிறி சேர்ந்தது. "அப்" என்பது "அப" என்பதோடு ஒரு புள்ளி. ஆகவே கோப்பில் "திப" என்று தேடினால் திபாவும் சேர்ந்து அகப்படும். குறுக்கத்தை விரித்தெழுத வேண்டி, "திப" வருமிடமெல்லாம் "திருத்தூதர் பணிகள்" என்று மொத்தமாக மாற்றச் சொன்னால், சங்கீத மேற்கோள்கள் அனைத்தும் "திருத்தூதர் பணிகள்ா" என்று கெட்டுப்போகும். நீளமானதை முதலில் மாற்றுங்கள்: திபா முடிந்த பிறகு திப, பிலி முடிந்த பிறகு பில. அப்போதும் குறுக்கத்தோடு அதன் பின்னுள்ள இடைவெளியையும் சேர்த்தே தேடுங்கள். இல்லையென்றால் சாதாரணச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் "பில"வும் "அப"வும் நூற்பெயராக மாறிவிடும். எண்ணில் தொடங்கும் நூல்களுக்கு, 1க்கும் யோவாவுக்கும் நடுவே வரி உடையாத இடைவெளியை இட்டால் அந்த எண் மேல்வரியில் தங்கிவிடாது.