மணல்ல இருக்கறது ஆமைத் தடமா, டிராக்டர் தடமா? போட்டோவ வச்சு கண்டுபிடிக்கலாம்

சென்னை பக்கம் ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரில பங்குனி ஆமை முட்டை போட கரையேறும். விடிகாலைல வாக்கிங் போறவங்க மணல்ல ஏதோ தடம் கிடக்குன்னு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க, அதுல பாதி ஆமையாவே இருக்காது. நம்ம கரைக்கு பெரும்பாலும் வர்றது இந்த ஒரே இனம்தான், அதனால இதோட அடையாளம் தெரிஞ்சா போதும்.

ஸ்டெப் 1: அகலம் பாருங்க

போட்டோல ஒரு செருப்பாவது பக்கத்துல இருக்கணும், இல்லன்னா அளவே தெரியாது. பெரிய ஆள் செருப்பு ஒண்ணு கிட்டத்தட்ட 27 செ.மீ. வரும். பங்குனி ஆமைத் தடம் ஓரத்துக்கு ஓரம் 70ல இருந்து 80 செ.மீ., அதாவது மூணு செருப்புக்கு கொஞ்சம் கம்மி. செருப்பு கிடக்கற அதே இடத்துலதான் அளக்கணும், தூரத்துல தடம் குறுகித் தெரியும், அங்க அளந்தா தப்பாயிடும்.

ஸ்டெப் 2: ரெண்டு பக்கத்து குறியையும் ஒப்பிடுங்க

முக்கியமானது இதுதான். பங்குனி ஆமை நாம தவழற மாதிரி ஒரு பக்கம் மாத்தி ஒரு பக்கம் துடுப்பு போட்டு நகரும், அதனால இடது பக்கம் ஒரு குறி, கொஞ்சம் தள்ளி வலது பக்கம் ஒரு குறின்னு மாறி மாறி விழும், நேருக்கு நேரா இருக்காது. நடுவுல வயித்து ஓடு உரசின இடம் வழுவழுன்னு பட்டையா தெரியும். லட்சத்தீவுல முட்டை போடற பச்சை ஆமைன்னா ரெண்டு முன்துடுப்பையும் ஒரே நேரத்துல வீசி உந்தும், குறிகள் ஜோடி ஜோடியா எதிரெதிரா விழும், அகலமும் ஒரு மீட்டர் கிட்ட வரும்.

துடுப்பு தள்ளின மண்ணு எப்பவும் பின்பக்கமாதான் குவியும். குவியல் கடல் பக்கம் இருந்தா ஆமை ஏறிப்போன தடம், கரைப்பக்கம் இருந்தா திரும்பி இறங்கின தடம். ரெண்டும் குறுக்க வெட்டிக்கிட்டா மேல கிடக்கறதுதான் இறங்கினது.

ஸ்டெப் 3: தடத்தோட உச்சிக்கு போங்க

அங்க சும்மா வளைஞ்சு திரும்பி இருந்தா ஆமை முட்டை போடாமலே போயிருக்கும், வெளிச்சமோ ஆளோ நாயோ பாத்து பயந்தா அப்படிதான் பண்ணும். கூடு வச்சிருந்தா தடம் ஒரு இடத்துல அப்படியே அழிஞ்சு, ஒரு மீட்டர் சுத்துக்கு மண்ணு கலைஞ்சு, கீழ இருந்து வந்த ஈர மண்ணு கருப்பா சிதறிக் கிடக்கும். நிறைய பேர் பெரிய குழிய தேடுவாங்க, அது கிடைக்காது, ஏன்னா இந்த ஆமை மேல ஆழமா தோண்டறதில்ல, முட்டைக் குழிய பின்துடுப்பால ஒரு முழம் போல தோண்டி, முட்டை போட்டு மூடிட்டு, உடம்ப இடமும் வலமுமா தட்டி மண்ண இறுக்கிடும்.

ஸ்டெப் 4: ஏமாத்துற தடங்கள்

பீச் க்ளீன் பண்ற டிராக்டர் டயர் தடம்தான் ரொம்ப ஏமாத்தும். ஆனா அது அச்சடிச்ச மாதிரி ஒரே இடைவெளில போகும், பெரும்பாலும் பக்கத்துலயே இன்னொரு டயர் தடமும் ஓடும். ஃபைபர் படகு இழுத்த இடத்துல நேர் பள்ளமும் ரெண்டு பக்கமும் ஆள் கால்தடமும் இருக்கும், துடுப்புக் குறி இருக்காது. நண்டுன்னா சின்னச் சின்ன புள்ளி வரிசை, முடிவுல ஒரு உருண்டை வளை. நாய் தோண்டினா மண்ணு ஒரே பக்கமா பின்னால வாரி இறைஞ்சு, குழி திறந்தே கிடக்கும், சுத்தி நகக்குறி. ஆனா திறந்த குழிகிட்ட வெள்ளையா முட்டை ஓடு கிடந்தா அது கூடாவே இருந்து நாய் கிளறினதா இருக்கலாம்.

ஒரு போட்டோவ பாப்போம்

நீலாங்கரைல ஒருத்தர் எடுத்தது. அலை ஓரத்துல இருந்து ரெண்டு தடம் மேல போகுது, பக்கத்துல செருப்பு, அகலம் மூணு செருப்ப தொடல. குறி மாறி மாறி இருக்கு, ஆனா அச்சடிச்ச மாதிரி ஒரே இடைவெளில இல்ல, அப்போ டிராக்டர் இல்ல. இடது தடத்துல குவியல் கடல் பக்கம், வலதுல கரைப்பக்கம், அதனால இடதுல ஏறி வலதுல இறங்கியிருக்கு. வலது தடம் தண்ணிக்கு இன்னும் கிட்ட வரைக்கும் நீளுது, ஏன்னா ஆமை ஏறினப்போ அலை மேல இருந்திருக்கு, இறங்கறதுக்குள்ள தண்ணி வத்தியிருக்கு. உச்சில கருப்பா ஈர மண்ணு சிதறி நடுவுல தடம் காணோம், கூடு இருக்குன்னு நம்பலாம். ஆனா முட்டை அங்க எந்த இடத்துல இருக்குன்னு போட்டோல சொல்ல முடியாது. பழகினவங்க கம்பிய மெதுவா இறக்கி மண்ணு இளகற இடத்த கையால உணர்வாங்க, நாம குத்தினா முட்டை உடையும். வனத்துறைக்கோ, 1988ல இருந்து சென்னை கரைல நடந்துட்டு வர்ற மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு குழுவுக்கோ இடத்த சொல்லிட்டு, அவங்க வர்ற வரைக்கும் தடத்த மிதிக்காம பாத்துக்கோங்க. போட்டோ எடுக்கறவங்க காலைல சாய்ஞ்ச வெயில்ல எடுங்க, உச்சி வெயில்ல குறியோட நிழலே விழாது, தடத்தோட உச்சிய தனியா ஒண்ணு, குறிய கிட்டத்துல ஒண்ணுன்னு எடுத்தா வேலை சுலபம்.