கிளீன் பிளேட் வைத்துத் தெருவில் போகும் பைக்கையும் ஆளையும் வீடியோவிலிருந்து நீக்குவது எப்படி

தம்பியின் குறும்படத்துக்காகக் காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானில் ஒரு ஷாட் எடுத்தோம். கதை 1960களில் நடக்கிறது. பெரிய செட்டிநாட்டு வீட்டுக்கு எதிரே தெருவோரம் நின்று கதாநாயகன் 22 விநாடி பேசுகிறான். காலை ஏழு மணிக்கே போயும், அந்த 22 விநாடிக்குள் அவனுக்குப் பின்னால் இரண்டு பைக், ஒரு மொபெட், ஒரு மினி பஸ், பால் வாங்கிக்கொண்டு நடந்து போகும் ஒரு பெரியவர். தெருவை மறிக்க நாம் யார்? ஆறு டேக் எடுத்தும் இதே கதை. எல்லாவற்றையும் பிறகு எடிட்டில் துடைத்தேன். இரண்டு தடவை சொதப்பியதற்கு அப்புறம்தான் சரியாக வந்தது, அதனால் எழுதி வைக்கிறேன்.

கிளீன் பிளேட் என்பது வேறொன்றுமில்லை. அதே கேமரா, அதே இடம், அதே வெளிச்சம், ஆனால் ஆளும் வண்டியும் இல்லாத காட்சி. வண்டி வரும் இடத்தில் அந்தக் காட்சியை ஒட்டுப் போட்டுவிட்டால் வண்டி காணாமல் போய்விடும். பக்கத்துப் பிக்சலைப் பார்த்து ஊகித்து நிரப்பும் கருவிகள் சுவரில் ஒரு ஆணியை மறைக்க நன்றாகவே உதவும், ஆனால் தூணும் கம்பிக்கதவும் வரிசையாக இருக்கும் வீட்டு முகப்பில் குழைத்துவிடும். பின்னால் என்ன இருந்தது என்று ஊகிப்பதைவிட, நிஜமாகவே படம் பிடித்து வைத்திருப்பது எப்போதும் மேல்.

படம் பிடிக்கும்போது

டிரைபாட் கட்டாயம். ஐஎஸ்ஓ, ஷட்டர், அப்பர்ச்சர், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் எல்லாம் மேனுவல். ஃபோனில் எடுப்பவர்கள் இவற்றைப் பூட்ட Blackmagic Camera ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். டிரைபாடில் இருக்கும்போதும் அது பிம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருக்கும்.

நான் வழுக்கி விழுந்தது இதற்கு அடுத்த இடத்தில். ஷாட்டை 7.10க்கு எடுத்தோம். எல்லாருக்கும் பசி, டீ குடித்துவிட்டு வந்து 7.50க்குப் பிளேட் எடுத்தேன். கேமராவை யாரும் தொடவில்லை, செட்டிங் எதையும் மாற்றவில்லை, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஊருக்கு வந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தெருவே வேறு தெரு. நம் ஊரில் சூரியன் காலையில் கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு ஏறக்குறைய 14 டிகிரி. விடிந்து ஒரு மணி நேரத்தில் இரண்டு மீட்டர் மதில் சுவரின் நிழல் எட்டு மீட்டர் நீளம் இருக்கும். அடுத்த நாற்பது நிமிடத்தில் அது ஐந்து மீட்டருக்குள் சுருங்கிவிடும். ரோட்டில் மூன்று மீட்டர் நிழல் காணாமல் போன பிளேட்டை வைத்து நான் எதை ஒட்டுவது? மறுநாள் எல்லாரையும் மறுபடி கூட்டிக்கொண்டு போய் எடுத்தோம், பெட்ரோல் செலவு என் கணக்கில்.

ஆகவே டேக் முடிந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நடிகரை ஃப்ரேமை விட்டு வெளியே வரச் சொல்லிவிட்டு அப்படியே ஒன்றரை நிமிடம் ஓட விடுங்கள். இன்னொரு லாபம், பட்டனை அழுத்தும்போது கேமரா ஓரிரு பிக்சல் அசையும் பிரச்சினையும் வராது. மேகம் வந்து போகும் நாளாக இருந்தால் டேக்குக்கு முன்னாலும் ஒன்றரை நிமிடம் எடுத்து வையுங்கள், எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

காலித் தெரு கிடைக்கவே இல்லையென்றால்

கிடைக்காது. பிளேட் எடுக்கும் ஒன்றரை நிமிடத்திலும் வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும். பரவாயில்லை. இரண்டு விநாடிக்கு ஒரு ஃப்ரேமாக எடுத்தால் 45 படம் கையில் இருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த 45 மதிப்பையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால், பாதிக்கு மேற்பட்ட படங்களில் தெரியும் ரோடுதான் ஜெயிக்கும். நாலைந்து படத்தில் மட்டும் வந்து போன பைக் தோற்றுவிடும். சராசரி எடுக்காதீர்கள், எல்லா வண்டியும் ஆவி மாதிரி மங்கலாக நிற்கும். வேண்டியது மீடியன்.

டெர்மினலில் ஓடும் ffmpeg, ImageMagick என்ற இரண்டு இலவசக் கருவிகளும் இருந்தால் போதும். என் வீடியோவில் 3 நிமிடம் 10 விநாடியிலிருந்து நடிகர் இல்லை:

```
mkdir frames
ffmpeg -ss 00:03:10 -t 90 -i take4.mp4 -vf fps=1/2 frames/f%03d.png
magick frames/*.png -evaluate-sequence median plate.png
```

பழைய ImageMagick என்றால் `magick` என்பதற்குப் பதில் `convert`.

நகராமல் நிற்பவர்களிடம் மீடியன் பலிக்காது. எங்கள் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நின்றார். பாதி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் மீடியனைப் பொறுத்தவரை அவரும் தூண் மாதிரி தெருவின் ஒரு பாகம்தான். மங்காமல் அப்படியே பிளேட்டில் வந்துவிட்டார். அவர் வருவதற்கு முந்தைய ஒரு ஃப்ரேமிலிருந்து அந்த மூலையை மட்டும் வெட்டி, கிம்ப்பில் ஒட்டினேன்.

ஒட்டுப் போடுவது

நான் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் செய்கிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் முடியும், ஆனால் மாதம் மாதம் காசு கட்டி இதைச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. டைம்லைனில் ஷாட் கீழே, plate.png மேலே. இரண்டையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் New Fusion Clip, பிறகு Fusion பக்கம். பிளேட்டை ஷாட்டின் மேல் வைக்கும் Merge1 தயாராக இருக்கும்.

மாஸ்க் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. Merge1இல் Apply Mode-ஐ Difference ஆக்குங்கள். இரண்டும் பொருந்தியிருந்தால் ஆள், வண்டி தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். தூண்களின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது: பிளேட்டுக்கு ஒரு Transform போட்டு Center மதிப்பை 0.0005 அளவில் நகர்த்துங்கள், 1920 அகலத்தில் அது ஒரு பிக்சல். படம் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் தெரிந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது, பிளேட்டுக்கு ஒரு ColorCorrector போட்டுச் சரிசெய்யலாம். நிழல் வடிவத்திலேயே ஒரு பட்டை தெரிந்தால் என் டீ கதைதான், அதற்கு மருந்து இல்லை. பார்த்து முடித்ததும் Normal-க்குத் திரும்ப மறக்காதீர்கள்.

புதிதாகச் செய்பவர்கள் ஒவ்வொரு வண்டியையும் ஃப்ரேம் ஃப்ரேமாகத் துரத்தி மாஸ்க் வரைவார்கள். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன், ஒரு பைக்குக்கு இரண்டு மணி நேரம். தேவையே இல்லை. ரோடு அசையாத பொருள். நடிகருக்கு இடது பக்கம் உள்ள ரோட்டுக்கு ஒரு Polygon, வலது பக்கத்துக்கு இன்னொன்று, அசையாமல் 22 விநாடியும் இருக்கட்டும். முதல் Polygon-ஐ இரண்டாவதோடு இணைத்து, இரண்டாவதை Merge1இன் நீல முக்கோணத்தில் இணையுங்கள். அந்தப் பகுதிக்குள் எத்தனை வண்டி போனாலும் தெரியாது. மாஸ்க்கின் ஓரத்தைச் சுவரின் அடிக்கோடு, திண்ணை விளிம்பு மாதிரி ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் இடத்தில் வையுங்கள், Soft Edge 0.003 போதும். முழுப் படத்தையும் பிளேட்டால் மூடிவிட்டு நடிகரை மட்டும் விட்டுவைத்தால் வேலை இன்னும் சுலபம்தானே என்று தோன்றும். செய்யாதீர்கள். வேப்பமர இலை அசையாது, காற்றே நின்றுபோன மாதிரி இருக்கும்.

மினி பஸ் உயரமாக இருந்ததால் மரத்தையும் மறைத்தது. அந்த மூன்று விநாடிக்கு மட்டும், பிளேட் வீடியோவில் வண்டி இல்லாத ஒரு துண்டை எடுத்து மரத்தின் மேல் வைத்தேன். அசையும் பொருளுக்கு அசையும் பிளேட்.

வண்டி நடிகருக்கு நேர் பின்னால் போகும் நேரம்தான் நிஜமான உழைப்பு. மெதுவாகப் போகும் பைக் நடிகரைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் எடுக்கும். அந்த ஃப்ரேம்களுக்கு மட்டும் மாஸ்க் அவர் உடலோரம் வரை வர வேண்டும். நடிகரைச் சுற்றி ஒரு Polygon வரைந்து, அதன் Paint Mode-ஐ Subtract ஆக்கி, ரோட்டு மாஸ்க்குக்கு அடுத்ததாக இணைத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புள்ளிகளை நகர்த்த வேண்டும். தலைமுடி பறக்கும் ஆளாக இருந்தால் கஷ்டம்தான். எங்கள் ஆள் நல்லெண்ணெய் வைத்து வாரியிருந்தார், தப்பித்தேன்.

நிழல்

வண்டியை மறைத்துவிட்டு அதன் நிழலை விட்டுவிடுவது எல்லாரும் செய்யும் தப்பு. காலை வெயிலில் பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் நிழல் ஆறு மீட்டர் தாண்டும், வண்டி ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன்னாலேயே நிழல் வந்துவிடும். மாஸ்க் அதையும் மூட வேண்டும். இதற்கு நேர்மாறான தப்பு என்னுடையது: பிளேட்டில் நடிகர் இல்லை என்பதால் நடிகரின் நிழலும் இல்லை. என் இடது பக்க மாஸ்க் அவர் நிழலின் பாதியைத் தின்றுவிட்டது. மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று பேருக்கும் என்னவோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவர் நிழல் விழும் இடத்தை மாஸ்க்கிலிருந்து விலக்கினேன். பைக்கின் சக்கரம் அந்த நிழலைத் தொட்ட ஐந்தாறு ஃப்ரேமில் மட்டும், நிழல் வடிவத்தில் பிளேட்டை இருட்டாக்கி ஒட்டினேன்.

கடைசியாக, 45 படத்தின் மீடியனில் நாய்ஸ் சுத்தமாகப் போய்விடும். சுற்றிலும் மணல் மாதிரி லேசாக ஊறிக்கொண்டிருக்க, ஒட்டிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று நிற்கும். ஃபோன் திரையில் தெரியாது, பெரிய டிவியில் தெரியும். பிளேட்டுக்கும் Merge1க்கும் நடுவே ஒரு FilmGrain சேர்த்து, 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்து நாய்ஸோடு ஒத்துப்போகும் வரை அளவைக் கூட்டுங்கள்.

பிற்சேர்க்கை: 4கே ஃபுட்டேஜில் ImageMagick `cache resources exhausted` என்று நின்றுவிடுகிறது என ஒரு வாசகர் எழுதியிருந்தார். எல்லாப் படத்தையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றுவதால் வருவது. 4கேயில் ஒரு ஃப்ரேமே ஏறக்குறைய நூறு எம்பி வரை போகும். frames ஃபோல்டரில் உள்ள பழைய படங்களை அழித்துவிட்டு, `fps=1/2` என்பதை `fps=1/6` ஆக்கினால் 15 படம்தான் வரும், ஓரளவு காலியான தெருவுக்கு அது போதும்.

இன்னொன்று: நிழல், வெளிச்சம் எல்லாம் பொருந்தியும் ஒட்டிய இடத்தில் செம்மண் நிறம் மட்டும் லேசாக வேறுபடுகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ffmpegஉம் ரிசால்வும் வீடியோவின் நிறத்தை ஆர்ஜிபியாக மாற்றும் விதம் சில கோப்புகளில் ஒத்துப்போவதில்லை. அப்படி இருந்தால் ffmpeg படியை விட்டுவிட்டு, ரிசால்வின் Color பக்கத்தில், எந்த கலர் வேலையும் செய்வதற்கு முன், பிளேட் பகுதியில் பதினைந்து இடத்தில் Grab Still செய்து டிஃப் கோப்புகளாக எக்ஸ்போர்ட் செய்து, அவற்றுக்கு மீடியன் போடுங்கள். அவருக்கு அதில் சரியாகிவிட்டது.