பணி ஓய்வு உரையில் பழைய காணொளிகளைச் சேர்க்கும்போது

ஐந்து நிமிட உரைக்கு மூன்று துண்டுகள் போதும். ஒவ்வொன்றும் 10 முதல் 15 வினாடி. ஓய்வுபெறுபவரின் முகமோ குரலோ தெளிவாக இருப்பதை மட்டும் எடுங்கள். கூட்டமாகச் சிரிக்கும் காட்சி அழகுதான், ஆனால் அவர் எங்கே என்று தேடுவதற்குள் முடிந்துவிடும்.

பழைய காணொளிகளை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கம்போல அனுப்பினால் தரம் குறைந்து, பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். பவர்பாயிண்டில் Playback > Trim Video வழியாகத் தேவையான பகுதியை மட்டும் வெட்டலாம்.

சொதப்புவது பெரும்பாலும் ஒலிதான். சீனப் புத்தாண்டு லோ ஹெய் காட்சியில் எல்லாரும் தட்டில் இருப்பதைக் குச்சிகளால் அள்ளித் தூக்கியபடி உரக்கக் கூவுவார்கள்; அதற்குத் தக்கபடி ஒலியைக் குறைத்துவிட்டால், அடுத்து வரும் தீபாவளி விருந்தில் அவர் பேசுவது காதில் விழாது. ஆகவே லோ ஹெய்யை ஒலியில்லாமல் ஓடவிட்டு நீங்கள் பேசுங்கள்: “தட்டில் இருந்ததைவிட மேசையில் அதிகம் சிந்தியது நம் அக்கா பக்கம்தான்.” தீபாவளித் துண்டுக்கு முன்னால் ஆண்டையும் இடத்தையும் ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அது ஓடும்போது அவர் குரல் மட்டும் கேட்கட்டும்.

மண்டபத்தில் HDMI இணைத்த பிறகும் மடிக்கணினியிலேயே சத்தம் வந்தால், விண்டோஸின் ஒலிக் குறியைச் சொடுக்கி, ஒலி வெளியேறும் கருவியை மாற்றுங்கள்.