வட்டி மானிய வீட்டுக் கடன்: யாழ்ப்பாணத்து உறுதிகளில் சிக்கிக்கொள்ளும் விண்ணப்பங்கள்

முதல் வீட்டுக்காக அரசாங்கம் வட்டி மானியம் தருகிறது என்ற செய்தி வந்ததும், அதைப் பிரதேச செயலகத்தில் கிடைக்கும் உதவித் தொகையைப் போன்றது என்று எண்ணிக்கொள்வோர் நம்மிடையே பலர். அடிப்படைத் தவறு அங்கேதான் தொடங்குகிறது. வட்டி மானியத்தில் அரசாங்கம் உங்களிடம் பணம் தருவதில்லை. வங்கி தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கிறது. வழக்கமான வட்டிக்கும் நீங்கள் கட்டும் சலுகை வட்டிக்கும் இடையிலான வேறுபாட்டைத் திறைசேரி வங்கிக்குச் செலுத்துகிறது. ஆகவே திட்டத்துக்கு நீங்கள் தகுதியுடையவராக இருந்தாலும், உங்கள் வருமானமும் காணி உறுதியும் வங்கிக்குத் திருப்தி தராவிட்டால், மானியம் உங்களை வந்தடையாது.

2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட இரண்டு திட்டங்கள் இதற்கு உதாரணம். ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ என்பது புதிதாகத் திருமணமானவர்கள் தங்கள் முதல் வீட்டைக் கட்டவோ வாங்கவோ 6 வீத வட்டியில் ஒரு கோடி ரூபாய் வரை, 25 ஆண்டுத் தவணையில் பெறுவதற்கானதாக இருந்தது. ‘சிஹின மாலிகா’ வெளிநாட்டில் தொழில் புரிவோருக்கானதாக இருந்தது. அதில் வட்டியின் 75 வீதத்தை அரசாங்கம் ஏற்பதாக இருந்தது. இவ்விதத் திட்டங்கள் ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் பிறந்து, ஆட்சி மாறும்போதோ நிதி ஒதுக்கீடு தீரும்போதோ புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிடுகின்றன. உறவினர் ஒருவர் அன்று பெற்ற சலுகையை நம்பி இன்று காணிக்கு முற்பணம் கொடுப்பது ஆபத்தானது. தற்போது எந்தத் திட்டம் திறந்திருக்கிறது, இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு கிளையில் மீதமுள்ளதா என்பதை வங்கிக் கிளையிலேயே கேட்டறிந்த பின்னரே அடுத்த அடியை எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கோப்புகள் பெரும்பாலும் தடைப்படுவது உறுதியில்தான் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் முதல் வீடு என்பது கடையில் பொருள் வாங்குவது போன்ற கொள்வனவு அன்று. பெரும்பாலும் சீதனமாகவோ நன்கொடையாகவோ வந்த காணியில் கட்டுவதுதான். கோண்டாவிலில் இரண்டு பரப்புக் காணி ஒன்றை, திருமணத்தின்போது தாய் தன் மகளுக்கு நன்கொடை உறுதியால் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் ஆசிரியை, மருமகன் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞர். இருவரின் வருமானமும் போதுமானது. திட்டத்தின் நிபந்தனைகளும் பொருந்துகின்றன. ஆனாலும் அந்த உறுதியை வாசிக்கும் வங்கிச் சட்டத்தரணி மூன்று இடங்களில் நின்றுவிடுவார்.

முதலாவது, பெற்றோர் தங்களுக்குச் சீவிய உருத்தை ஒதுக்கிக்கொண்டு எழுதியிருப்பது. தாய் உயிருடன் உள்ளவரை அக்காணியை அனுபவிக்கும் உரிமை அவருடையது. அவர் கையெழுத்தில்லாமல் மகள் மட்டும் ஈடு வைத்தால் வங்கிக்குக் கிடைப்பது குறைபட்ட பிணையே. தாய் ஈட்டு உறுதியில் தாமும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும், அல்லது நொத்தாரிசு முன்னிலையில் சீவிய உருத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கனடாவிலோ பிரான்சிலோ மூத்த மகனுடன் தாய் வசிக்கும் குடும்பத்தில் இதற்கான அற்றோணித் தத்துவத்தைப் பெற்று வருவதற்கே பல வாரங்கள் கழிந்துவிடும். ஆகவே விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன் உறுதியை முழுமையாகப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, கணவரின் சம்மதம். தேசவழமை பொருந்தும் மணமான பெண்ணுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசம் பற்றிய கட்டளைச் சட்டம் ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது: தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கையாள அவருக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சொத்து அவருடையதே என்றாலும், சம்பளமும் அவருடையதே என்றாலும், இது தேவைப்படுகிறது. இந்த விதி இன்றும் நீடிப்பது நியாயமானதல்ல என்றே நான் கருதுகிறேன். ஆயினும் வங்கியின் மேசையில் அதனோடு வாதிட்டுப் பயனில்லை. கணவர் வெளிநாட்டில் இருந்தால் அல்லது இருவரும் பிரிந்து வாழ்ந்தால் இதைப் பற்றி முதலிலேயே சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, பிரிபடாத பங்கும் பொது வழியும். ‘இரண்டு பரப்புக் காணியும், கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கும்’ என்று உறுதியில் எழுதப்பட்டிருந்தாலும், நில அளவையாளரின் வரைபடத்தில் அந்த வழி காட்டப்படாவிட்டால் வங்கி அக்காணியை வழியற்ற காணியாகவே மதிப்பிடும். முழுக் காணியில் உங்களுக்குள்ளது பிரிபடாத அரைப்பங்கு மட்டுமென்றால், சகோதரர்களுடன் பிரிவிடல் உறுதி எழுதி, உங்கள் துண்டுக்குத் தனி வரைபடம் பெறும்வரை கடன் நகராது. பிரிபடாத பங்கை வெளியார் ஒருவர் விலைக்கு வாங்குவதானால், பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் செய்த விற்பனையை வழக்கின் மூலம் கேள்விக்குள்ளாக்கலாம் என்பதால் வங்கி அதையும் பார்க்கும்.

இவற்றோடு சேர்த்து, இது உங்கள் முதல் வீடு என்று சத்தியக் கடதாசியில் உறுதியளிக்கும்போதும் கவனம் தேவை. தந்தையின் பழைய வீட்டில் உங்கள் பெயரில் நாலிலொரு பங்கு இருக்கலாம். அங்கே யாரும் குடியிருக்காமலும் இருக்கலாம். அது கணக்கில் வராது என்று நீங்களாகத் தீர்மானித்து மறைக்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் தேடும்போது அது வெளிவந்தால், பங்கைவிட மறைத்த செயலே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையையும் முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நண்பரின் வாகனக் கடனுக்குப் பிணை நின்றதும் அதில் உங்கள் பெயரில் பதிந்திருக்கும்.

இறுதியாகத் தவணைக் கணக்கு. 40 இலட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டுத் தவணை, வங்கியின் வழக்கமான வட்டி 12 வீதம், சலுகை வட்டி 6 வீதம் என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சலுகை வட்டியில் மாதத் தவணை சுமார் 28,660 ரூபாய். முழு வட்டியில் அது சுமார் 44,040 ரூபாய். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பின் கடனின் முதல்தொகையில் சுமார் 33 இலட்சத்து 96 ஆயிரம் மீதமிருக்கும். அந்நேரத்தில் மானியம் நின்றுபோனால், எஞ்சிய 15 ஆண்டுகளுக்கும் மாதத் தவணை சுமார் 40,760 ரூபாயாக உயரும். சம்பளம் அதே சம்பளமாக இருக்க, மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் கூடிவிடுகிறது. தவணை தவறி நிலுவை சேர்ந்தாலோ, வீட்டை வாடகைக்கு விட்டாலோ விற்றாலோ, சலுகைக் காலம் முடிந்தாலோ மானியம் நிறுத்தப்படலாம். எந்தக் காரணம் பொருந்தும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆகையால் குடும்பத்தின் மாதச் செலவை 28,660 ரூபாய்க்குப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். 40,760 ரூபாயையும் சில மாதங்களாவது தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதெனில் கடன் தொகையைக் குறைத்து, முன் விறாந்தையையும் மேல் மாடியையும் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும், மானியம் எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை மாத நிலுவையில் அது நிறுத்தப்படும், நிலுவையைக் கட்டி முடித்தால் மீண்டும் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் எழுத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், ஈட்டு உறுதியில் ஒப்பமிடுவதற்கு முன் கிளை முகாமையாளரிடம் கடிதம் மூலம் கேட்டு, அவருடைய பதிலை உறுதியின் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.