‘தங்கள்’ யாருடையது? உயர் அதிகாரிகளுக்கான கடிதங்களை மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த ஒரு கடிதத்தின் நடுப்பகுதி இது. ஒரு நிறுவனம் அரசு ஆணையர் ஒருவருக்கு எழுதுவதாகக் கொள்வோம்.

“அன்புள்ள ஐயா, எங்கள் விண்ணப்பத்தைத் தயவுசெய்து விரைந்து பரிசீலிக்க நீங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தணிக்கையாளர்கள் தங்கள் அறிக்கையைத் தங்கள் அலுவலகத்தில் அளித்துவிட்டார்கள் என்று உங்களுக்கு அறிவுறுத்துகிறோம். பதிலை இம்மாத இறுதிக்குள் அனுப்பவும்.”

இலக்கணப் பிழை என்று சுட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் ஆணையருக்கு முகம் சுருங்கும். ஆங்கிலக் கடிதத்தில் மரியாதை பெரும்பாலும் விளிப்பிலும் முடிப்பிலும்தான் இருக்கிறது. நடுவில் வருவது எல்லாருக்கும் பொதுவான நடை. தமிழில் அது பெயர்ச்சொல், வினைச்சொல், வேண்டுகோளின் அமைப்பு என்று வரிக்கு வரி பரவிக் கிடக்கிறது. மேலே ‘ஐயா’ போட்டுவிட்டதால் கீழே ‘அனுப்பவும்’ என்பது மென்மையாகிவிடாது.

முதலில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வாக்கியத்தை அப்படியே பெயர்த்தால் இதுதான் கிடைக்கும். தமிழ் அலுவல் நடையில் இந்த வடிவம் மேலிருந்து கீழே போவது: சுற்றறிக்கை, அழைப்பாணை, பொது அறிவிப்பு. கேட்பவர் யார் என்பதை மறைத்து, கேட்கப்படுபவரை முன்னால் நிறுத்துவதால் அதில் ஆணையின் தொனி வந்துவிடுகிறது. கீழிருந்து மேலே போகும் கடிதத்தில் கேட்பவர் வெளிப்பட வேண்டும்: “பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்”, இன்னும் பணிவு தேவையானால் “பரிசீலித்து உதவுமாறு வேண்டுகிறோம்”. இப்படி எழுதும்போது ‘தயவுசெய்து’ தேவைப்படாது. ‘-மாறு வேண்டுகிறோம்’ என்பதிலேயே அது அடங்கிவிட்டது, சேர்த்தால் மிகைதான். ‘அனுப்பவும்’ என்ற வடிவமும் படிவங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் உரியது. அதை உயர் அதிகாரிக்கு எழுதினால் வேலை ஏவுவதுபோல் இருக்கும்.

‘அறிவுறுத்துகிறோம்’ என்பதிலும் திசைதான் சிக்கல். பல தமிழ் வினைகளுக்கு மேலே, கீழே என்ற நோக்கு உண்டு. அறிவுறுத்துவது, பணிப்பது, எச்சரிப்பது ஆகியவை மேலிருப்பவர் செய்பவை. சமர்ப்பிப்பது கீழிருப்பவர் செய்வது. தெரிவிப்பதும் அளிப்பதும் இரு பக்கமும் செல்லும். இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. ஈ, தா, கொடு என்ற மூன்றையும் தாழ்ந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் சொல்லும் சொற்கள் என்று தொல்காப்பியமே பிரித்துவைத்திருக்கிறது. ஆகவே ஆங்கில வினையின் அகராதிப் பொருளைப் பார்த்த கையோடு, யார் யாருக்குச் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே வேண்டியது “தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்” அல்லது வெறும் “தெரிவித்துக்கொள்கிறோம்”. அதே நிறுவனத்துக்கு ஆணையர் பதில் எழுதும்போது ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்பது சரியாகப் பொருந்தும்.

எல்லாவற்றிலும் சங்கடமானது ‘தங்கள்’. முன்னிலையில் மிக உயர்ந்த மரியாதைக்குரிய சொல் இதுதான். ஆனால் படர்க்கைப் பன்மையில் ‘தம்முடைய’ என்ற பொருளிலும் இதே சொல் வருகிறது. “தணிக்கையாளர்கள் தங்கள் அறிக்கையைத் தங்கள் அலுவலகத்தில் அளித்துவிட்டார்கள்” என்றால் யாருடைய அறிக்கை, எந்த அலுவலகம்? தணிக்கையாளர்கள் சொந்த அலுவலகத்திலேயே அறிக்கையை வைத்துக்கொண்டார்கள் என்றும் படிக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்பதால் மொழிபெயர்ப்பவருக்கு இந்தக் குழப்பம் கண்ணில் படுவதே இல்லை. படிப்பவருக்குத்தான் படும்.

நம்பகமான வழி ஒன்று உண்டு. கடிதம் முழுவதிலும் ‘தங்கள்’ என்பதைப் பெறுநருக்கே ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்குத் ‘தம்’ என்று எழுதுங்கள்: “தணிக்கையாளர்கள் தம் அறிக்கையைத் தங்கள் அலுவலகத்தில் அளித்துள்ளனர்.” அது உங்கள் நடைக்குப் பழமையாகத் தோன்றினால், “தணிக்கையாளர்கள் தயாரித்த அறிக்கை” என்று உடைமைச் சொல்லையே விலக்கிவிடலாம்.

‘தாங்கள்’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘நீங்கள்’, ‘உங்களுக்கு’ என்று இறங்குவது மிகப் பரவலான தவறு. பல நாள் இடைவெளியில் அல்லது பலர் பங்கிட்டுச் செய்த மொழிபெயர்ப்பில் இது கட்டாயம் இருக்கும். முடித்த பிறகு கோப்பில் ‘நீங்க’, ‘உங்க’ என்ற இரண்டையும் தேடினால் வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்களும் சேர்ந்தே அகப்படும். (‘நீங்கலாக’ என்பதும் வந்து நிற்கும், அதை விட்டுவிடுங்கள்.) வினையை மாற்ற வேண்டியதில்லை: ‘தாங்கள் அனுப்பினீர்கள்’, ‘நீங்கள் அனுப்பினீர்கள்’ இரண்டுக்கும் ஒரே முடிவுதான். கூடுதல் மரியாதை என்று நினைத்து ‘தாங்கள் அனுப்பினார்கள்’ என்று எழுதினால் அது படர்க்கைக்குப் போய்விடும்.

பதவிப்பெயருக்குப் பின் வரும் ‘அவர்கள்’ பற்றியும் சொல்ல வேண்டும். வேற்றுமை உருபு அதன்மேல்தான் ஏறும்: ‘ஆணையர் அவர்களுக்கு’. “ஆணையர் அவர்கள் தெரிவித்தார்கள்” என்று வினையும் அதோடு இசைய வேண்டும். இது கனமாகத் தோன்றினால் “ஆணையர் தெரிவித்தார்” போதும். அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் நம் நிறுவன இயக்குநருக்கு, வெளியாருக்கு எழுதும் கடிதத்தில், ‘அவர்கள்’ சேர்ப்பது நம்மை நாமே உயர்த்திக்கொள்வதாகும். அங்கே ‘திரு.’ அளவோடு நின்றால் அழகு. பெறுநர் மணமானவரா என்பது தெரியாத பெண் என்றால், திருமதியா செல்வியா என்று ஊகிக்காமல் ‘திருமிகு’ என்று எழுதலாம். அது எல்லாருக்கும் பொருந்தும்.

முக்கியமான வாடிக்கையாளருக்கு எழுதும்போது தவறு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் நடக்கிறது. நிலுவைத் தொகையைக் கேட்கும் கடிதத்தில் “தொகையை அளித்து உதவுமாறு பணிந்து வேண்டுகிறோம்” என்று எழுதினால், வர வேண்டிய பணத்தைக் கேட்பதுபோல் இல்லாமல் கைமாற்று கேட்பதுபோல் ஆகிவிடும். “செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்பதில் மதிப்பும் உண்டு, உரிமையும் உண்டு. இங்கே இன்னொரு கண்ணி, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வரும் தன்மைப் பன்மை. நிறுவனம் மட்டும் என்றால் ‘எங்கள்’, வாடிக்கையாளரையும் சேர்த்தால் ‘நம்’. “எங்கள் கட்டண விவரம்”, ஆனால் “நம் ஒப்பந்தம்”. “எங்கள் ஒப்பந்தம்” என்று எழுதிவிட்டால் எதிர்த்தரப்புக்கு அதில் பங்கில்லை என்று பொருள்படும்.

முதலில் காட்டிய கடிதத்தில் மிஞ்சியிருப்பது விளிப்பும் கெடுவும். ‘அன்புள்ள’ என்பது அறிமுகமானவருக்கு. ஆணையருக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ வேண்டும். கெடுவைப் பொறுத்தவரை, அதிகாரிக்கு நாம் கெடு விதிக்க முடியாது, ஆனால் நம் தேவையாகச் சொல்லலாம். திருத்திய வடிவம்:

“மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் விண்ணப்பத்தை விரைந்து பரிசீலித்து உதவுமாறு வேண்டுகிறோம். தணிக்கையாளர்கள் தம் அறிக்கையைத் தங்கள் அலுவலகத்தில் அளித்துள்ளனர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இம்மாத இறுதிக்குள் தங்கள் முடிவு கிடைத்தால், அடுத்த கட்டப் பணிகளை உரிய காலத்தில் தொடங்க எங்களால் இயலும்.”